சட்டைக் கைப் பட்டி: கோணாத அகலமும் நடுவில் நிற்கும் கூரும்

கேள்வி: "வீட்டில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் முழுக்கைச் சட்டை தைக்கிறேன். காலர், கஃப் எல்லாம் சுமாராக வந்துவிட்டது. கஃபுக்கு மேலே கையின் வெட்டில் வரும் பட்டி மட்டும் கீழே ஒரு இஞ்ச் இருந்தால் மேலே போகப் போக முக்கால் இஞ்ச் ஆகிறது. உச்சியில் உள்ள கூர் ஒரு பக்கம் சாய்கிறது, இல்லாவிட்டால் உருண்டையாகிவிடுகிறது. மெதுவாகத்தான் தைக்கிறேன். எங்கே தப்பு?"

மெதுவாகத் தைப்பதால் இது சரியாகாது. தப்பு பெரும்பாலும் மெஷினில் உட்காருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நான் இருபது வருடத்துக்கு மேலாக ஆண்கள் சட்டைதான் தைக்கிறேன். தொழில் பழகிய கடையில் கட்டிங் மாஸ்டர் என்னை முதல் இரண்டு வாரம் பட்டி தைக்கவே விடவில்லை. கையில் ஒரு அட்டையும் இஸ்திரிப் பெட்டியும் கொடுத்து, பட்டியை மடித்து மடித்து வைக்கச் சொன்னார். "மடிப்பு நேராக இருந்தால் தையல் அதன் மேல் தானாக ஓடும்" என்பார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது என்னிடம் வருகிற பையன்களுக்கு நானும் அதையேதான் செய்கிறேன்.

உங்கள் பட்டியைப் பார்க்காமல் சொல்வதால், முதலில் நீங்களே பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தைத்து முடித்த கையை உள்பக்கம் திருப்பி மேஜையில் விரியுங்கள். வெளியே தெரிகிற, கூர் உள்ள மேல்பட்டியைக் கையோடு சேர்த்த முதல் தையல் தெரியும். அதிலிருந்து பட்டியின் மடிப்பு ஓரம் வரை ஸ்கேல் வைத்துக் கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை அளந்து பாருங்கள். மடிப்பே மேலே குறைந்திருந்தால் இஸ்திரியில் தப்பு. மடிப்பு நேராக இருந்து தையல் கோடு மட்டும் உள்ளே நகர்ந்து போயிருந்தால், கையின் வெட்டைத் திறந்து வைத்துத் தைத்ததில் தப்பு. வீட்டில் தைப்பவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவதுதான். பலரும் முதலில் கையில் ஐந்து இஞ்ச் வெட்டிவிடுவார்கள். வெட்டின ஓரம் இரண்டும் தொளதொளவென்று ஆடும். அதில் கால் இஞ்ச் விட்டுத் தைத்துக்கொண்டு போனால், வெட்டின் முடிவை நெருங்கும்போது துணி இடம் கொடுக்காது. பிடித்து இழுத்து, கால் இஞ்ச் அரைக்கால் இஞ்சாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். அதோடு பட்டியின் அகலமும் மாறும்.

அதனால் நான் சொல்லும் முறையில் வெட்டு கடைசியில்தான் வரும். கோடு போட்டு, பட்டிகள் இரண்டையும் முழுத் துணியின் மேல் தைத்துவிட்டு, அதற்கப்புறம் நடுவில் வெட்டுவது. ஒரு சாதாரண காட்டன் பாப்ளின் சட்டையை வைத்தே சொல்கிறேன். வெட்டின் நீளம் 5 இஞ்ச், மேல்பட்டி தைத்து முடித்தபின் 1 இஞ்ச், அதன் அடியில் மறைகிற கீழ்பட்டி அரை இஞ்ச். நூல் கணக்கில் சொல்வது எனக்கு வசதி. ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பாகம்.

கீழ்பட்டிக்கு 1½ இஞ்ச் அகலம், 5½ இஞ்ச் நீளம். மேல்பட்டிக்கு 2½ இஞ்ச் அகலம், 6¾ இஞ்ச் நீளம். இரண்டையும் கரைக்கு இணையாக, துணியின் நீளவாட்டில் வெட்டுங்கள். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. மிச்சத் துணியில் கிடைத்த பக்கமெல்லாம் வெட்டினால், குறுக்கு இழை இஸ்திரியிலேயே இழுபட்டு, பட்டி ஓரம் அலை அலையாக வரும். கட்டம் போட்ட துணியில் மட்டும், கட்டத்தைக் கையோடு பொருத்த முடியாதபோது வேண்டுமென்றே கிராஸாக வெட்டுவது உண்டு. அப்படிச் செய்தால் பின்னால் கேன்வாஸ் ஒட்டியே ஆக வேண்டும்.

மேல்பட்டியில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நீளவாட்டில் சரிபாதியாக மடித்தால் ஒரு பாதி வெளியே தெரியும், மறுபாதி உள்ளே போகும். கூர் வரும் உச்சிப் பகுதியில் உள்பாதி தேவையே இல்லை. அங்கே இரண்டு அடுக்குத் துணி இருந்தால், மடிப்பு, தையலுக்கு விட்டது எல்லாம் சேர்ந்து கட்டியாகிவிடும். கூர் உருண்டையாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். எனவே உள்பாதியின் தலையில், வெளி ஓரத்திலிருந்து 1 இஞ்ச் அகலத்துக்கும் 1¼ இஞ்ச் உயரத்துக்கும் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். நடு மடிப்பை ஒட்டிக் கால் இஞ்ச் மட்டும் மிஞ்சும். அது உள்ளே மடிவதற்கு. பட்டி இப்போது ஏணிப்படி மாதிரி ஒரு பக்கம் உயரமாக நிற்கும்.

இந்த வெட்டுக்கு இடது வலது உண்டு. துணியின் நல்ல பக்கத்தை நல்ல பக்கத்தோடு சேர்த்து, இரண்டு கைக்குமான மேல்பட்டிகளையும் ஒன்றாக வைத்து வெட்டினால் ஜோடி சரியாக அமையும். தனித்தனியாக வெட்டினால் இரண்டும் இடதுகையாகப் போகும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சட்டையில் இதைச் செய்து, மறுபடி வெட்டத் துணி இல்லாமல், காலருக்கு உள்ளே வைத்திருந்த துண்டைப் பிரித்து எடுத்துச் சமாளித்தேன்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். ரெடிமேட் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை நன்றாக இருக்கும், சூட்டில் உருகாது. எக்ஸ்ரே ஃபிலிமைச் சிலர் வெட்டி வைத்திருப்பார்கள். அது பெட்டி சூட்டில் வளையும், வேண்டாம். சரியாக 1 இஞ்ச் அகலம், 6½ இஞ்ச் நீளம். உச்சியில் நடுப்புள்ளி குறித்து, இரு பக்கமும் அரை இஞ்ச் கீழே இறங்கிய இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்குச் சரிவாக வெட்டுங்கள். வெட்டியதும் அட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்துப் பாருங்கள். இரண்டு சரிவும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். அட்டையில் உள்ள அரை நூல் சாய்வு ஒவ்வொரு சட்டையிலும் வரும்.

பட்டியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, உயரமான பாதியின் மேல் அட்டையை வையுங்கள். துணியின் உச்சியையும் அட்டையின் சரிவை ஒட்டிக் கால் இஞ்ச் விட்டுச் சரிவாக நறுக்குங்கள். இனி மடிக்கும் வரிசைதான் முக்கியம். முதலில் கூரின் நுனியை நேராகக் கீழ்நோக்கி அட்டையின் மேல் மடித்து அழுத்துங்கள். மடிந்த நுனியில் ஒரு நூல் வைத்துவிட்டு மிச்சத்தைக் கத்தரியுங்கள். அடுத்து இரண்டு சரிவுகளை மடியுங்கள். கவரின் மூடியை மடிப்பது போல அவை நுனியில் வந்து சந்திக்கும். கடைசியாக நீள ஓரங்கள்: வெளி ஓரத்தில் கால் இஞ்ச், மறுபக்கம் நடு மடிப்பு. நுனியை மடிக்காமல் சரிவுகளை மட்டும் மடித்தால், உச்சியில் பிசிறு வெளியே எட்டிப் பார்க்கும். அதை உள்ளே தள்ள ஊசியால் குத்திக்கொண்டிருக்கும்போதுதான் கூர் கெடுகிறது.

பெட்டியைத் தேய்க்காதீர்கள். தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி எடுங்கள். தேய்த்தால் மடிப்பு நகரும். துணியில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், காட்டனாக இருந்தால் நீர்த்த கஞ்சித் தண்ணீர் இன்னும் நல்லது. வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி இரண்டு பங்கு தண்ணீர் கலந்தால் போதும். கறையாகிறதா என்று ஒரு துண்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையை உருவுவதற்கு முன் துணி ஆறட்டும். சூடாக இருக்கும்போது உருவினால் மடிப்பு பாதி திரும்பிவிடும். இரண்டு கைக்கும் ஒரே அட்டையில் மடித்துவிட்டு, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கீழ்பட்டிக்கும் அதே மாதிரி: ஒரு ஓரம் கால் இஞ்ச் மடிப்பு, அப்புறம் நடு மடிப்பு.

கேன்வாஸ் ஒட்டலாமா என்பதில் தையல்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. மெல்லிய துணிக்கு மேல்பட்டியின் வெளிப்பாதியில் மட்டும் மெல்லிய ஒட்டு கேன்வாஸ் வைத்தால் அகலம் அசையாது. இது என் பழக்கம். மடிப்பு எல்லைக்கு உள்ளேயே நிற்கும்படி 1 இஞ்ச் அகலத்துக்கு வெட்டுவேன், கூருக்குள் மடியும் பகுதியில் வைக்க மாட்டேன். கனமான துணிக்கு வேண்டாம், பட்டி பலகை மாதிரி நிற்கும்.

இப்போது கை. உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, பின்பக்கத்துப் பாதியில் கோட்டைக் குறிக்க வேண்டும். கையின் கீழகலம் 13 இஞ்ச் என்றால் பின்பாதி 6½, அதில் பாதி 3¼. அக்குள் தையல் வரும் ஓரத்திலிருந்து சுமார் அந்த அளவில் பட்டி வரும். ஒரு நூல் இரண்டு நூல் தள்ளி வைப்பவர்களும் உண்டு, அதில் ஒன்றும் கெட்டுவிடாது. இரண்டு கையிலும் ஒரே அளவாக இருந்தால் சரி. கீழ் ஓரத்திலிருந்து 5 இஞ்ச் உயரத்துக்குப் பென்சிலால் நடுக்கோடு. அதற்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி இரண்டு கோடுகள். உச்சியில் மூன்றையும் சேர்த்து ஒரு குறுக்குக் கோடு. அரை இஞ்ச் அகலத்தில், தலை மூடிய ஒரு சந்து மாதிரி இருக்கும்.

அக்குள் தையலுக்குப் பக்கமாக உள்ள பாதியில் கீழ்பட்டி, மறுபாதியில் மேல்பட்டி. பட்டியின் நல்ல பக்கம் கையின் உள்பக்கத்தைத் தொட வேண்டும். இஸ்திரி மடிப்புகளைத் திறந்து, மடிக்காத ஓரத்தை நடுக்கோட்டில் வையுங்கள். பட்டியின் உடம்பு கோட்டை விட்டு வெளியே படுத்திருக்கும். இரண்டு பட்டியின் ஓரமும் நடுக்கோட்டில் முட்டிக்கொள்ள வேண்டும், ஏறக் கூடாது. இரண்டையும் கால் இஞ்சில், கீழிருந்து மேலே தைத்து, குறுக்குக் கோட்டின் மட்டத்தில் நிறுத்தி, இரண்டு தையல் ரிவர்ஸ் போடுங்கள். பட்டி மூடியிருப்பதால் குறுக்குக் கோடு தெரியாது, எனவே பட்டியின் மேலும் 5 இஞ்சில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தையலும் ஒரே மட்டத்தில் முடிந்தாக வேண்டும். ஒன்று ஒரு தையல் அதிகமாக ஏறியிருந்தாலும் பிரித்துத் தைப்பது நல்லது, பட்டி முழுக்க அந்தப் பக்கம் சாயும். துணி இன்னும் வெட்டப்படாமல் இருப்பதால் பிரிப்பது ஒரு நிமிட வேலை.

பிறகு பட்டிகளின் ஓரங்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, கையின் துணியை மட்டும் நடுக்கோட்டில் வெட்டுங்கள். 4½ இஞ்சில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு தையல் முனைகளுக்கும் சாய்வாக வெட்ட வேண்டும். உச்சியில் அரை இஞ்ச் அடியுள்ள ஒரு முக்கோணம் மிஞ்சும். சாய்வு வெட்டு கடைசித் தையலுக்கு ஓர் இழை முன்னால் வரை போக வேண்டும். பயந்து ஒரு நூல் முன்னாலேயே நிறுத்துபவர்கள் அதிகம். அப்படி நிறுத்தினால் பட்டியைத் திருப்பியதும் மூலையில் ஒரு சுருக்கம் விழும், எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. தையலைத் தாண்டி வெட்டிவிட்டால் ஓட்டை விழும். ஆனால் அந்த இரண்டு மூலைகளையும் வெளியே மேல்பட்டியின் தலை மூடிவிடும். உள்ளே ஒரு சொட்டுத் துணிப் பசை வைத்துச் சமாளிக்கலாம். சுருக்கத்தை மூட எதுவும் கிடையாது. நுனி கூரான சின்னக் கத்தரியால், நுனி போகும் தூரத்தைப் பார்த்து வெட்டுங்கள்.

கீழ்பட்டியைச் சந்து வழியாக நல்ல பக்கம் திருப்பி, முன்பே மடித்த ஓரம் தையல் கோட்டை மூடும்படி வைத்து ஓரத் தையல் போடுங்கள். அது திறந்திருக்கும் அரை இஞ்ச் சந்தில் கச்சிதமாக உட்காரும். உட்காரவில்லை என்றால் தைத்த இரண்டு கோடுகளும் இணையாக இல்லை என்று அர்த்தம், மேலே போகாமல் இங்கேயே சரிசெய்யுங்கள். இனி அந்த முக்கோணத்தையும் கீழ்பட்டியின் தலையையும் நல்ல பக்கம் மேல்நோக்கி எடுத்துவிட்டு, முக்கோணத்தின் அடியில் குறுக்காக ஒரு தையல். இதை விட்டுவிட்டு மேல்பட்டியின் தையலே பிடித்துக்கொள்ளும் என்று போகிறவர்கள் உண்டு. சில சமயம் பிடிக்கும், சில சமயம் நாலு துவைப்பில் பிய்த்துக்கொண்டு வரும்.

மேல்பட்டியைத் திருப்பும்போது முதல் தையலை ஒட்டி நகத்தால் கீறி, அப்புறம் பெட்டி வையுங்கள். நடு மடிப்பைப் பழைய இஸ்திரிக் கோட்டிலேயே மடித்தால் மடித்த ஓரம் தையலை மூடி உட்காரும். கூரை ஊக்கு குத்திப் பிடிக்காதீர்கள், ஊக்கு துணியைத் தூக்கும். கைத்தையலில் நாலு பெரிய தையல் போட்டு நிறுத்துங்கள். ரேயான் மாதிரி வழுக்கும் துணிக்கு இஸ்திரி மடிப்பு மட்டும் நிற்காது. அதில் கூரைச் சுற்றி முழுக்கக் கைத்தையல் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

தையலின் பாதை இது. கீழே, கையோடு சேர்ந்த பக்கத்தில் தொடங்கி மேலே போய், கூரைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, முக்கோணத்தின் அடியிலிருந்து ஒரு நூல் மேலே வந்ததும் திரும்பிக் குறுக்காகத் தைத்து முடிப்பது. கீழே பட்டி திறக்க வேண்டும், அதனால் கீழ்பட்டி அடியில் மாட்டாமல் விலகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இஞ்சுக்கு 12 தையல், ஓரத்திலிருந்து அரை நூல். தைக்கும்போது ஊசியைப் பார்க்காதீர்கள். ஊசி மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்தால் கண் ஏமாறும். மெஷின் பாதத்தின் விரலுக்கும் பட்டியின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பாதம் மேல் துணியை முன்னே தள்ளும் என்பதால், இடது கை விரல்களால் பட்டியை லேசாக அழுத்திக்கொண்டே போங்கள்.

கூரை நெருங்கியதும் மிதிப்பதை விட்டுவிட்டு வீலைக் கையால் சுற்றுங்கள். சரிவு தொடங்கும் இடத்தில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்க, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். சரிவு முக்கால் இஞ்சுக்குச் சற்றுக் குறைவு, இஞ்சுக்கு 12 தையலில் ஏறக்குறைய எட்டு தையல் விழும். எண்ணுங்கள். ஏறும் சரிவில் எட்டு என்றால் இறங்கும் சரிவிலும் எட்டுதான். எட்டாவது தையல் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாலோ தாண்டினாலோ, தையல் நீளத்தை மாற்றாமல் கடைசி இரண்டு தையலில் துணியைக் கொஞ்சம் பிடித்தோ விட்டோ நுனியில் ஊசியை இறக்குங்கள். மடிப்பு ஒழுங்காக இருந்தும் கூர் சாய்ந்து தெரிவதற்கு, ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஒன்பது என்று விழுந்த தையலே காரணமாக இருக்கும்.

ஏற்கெனவே தைத்த சட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூர் மட்டும் கோணியிருந்தால் குறுக்குத் தையலுக்கு மேலே உள்ளதைப் பிரித்து, அட்டையை உள்ளே விட்டு நனைத்து மடித்துத் திரும்பத் தைக்கலாம். அகலம் குறைந்து போயிருந்தால் அந்த இடத்தில் துணி ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும், திரும்பக் கிடைக்காது. அதை அப்படியே விட்டுவிட்டு, பட்டியின் நடுவில் நீளவாட்டில் ஒரு காஜா எடுத்து, கீழ்பட்டியில் சட்டைக் காலருக்கு வைக்கும் சின்ன பட்டன் ஒன்றை வைத்துவிடுங்கள். பட்டி விரியாமல் நிற்கும், பார்ப்பவர் கண்ணும் பட்டனில்தான் நிற்கும்.